டீ வேண்டுமா என்று கேட்கும்போது 'சம்'மா, 'எனி'யா?

பள்ளி ஆங்கில வகுப்பில் படித்த விதி பலருக்கும் நினைவிருக்கும். சாதாரண வாக்கியத்தில் 'சம்', கேள்வியிலும் இல்லை என்று சொல்லும் வாக்கியத்திலும் 'எனி'. பெரும்பாலும் இது சரியாகவே வரும். சிக்கல் கேள்வியில்தான். இந்த விதி கேள்விக்குறியை மட்டும் பார்க்கிறது. ஆங்கிலம் பேசுகிறவரோ, என்ன பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்கிறாரோ அதற்கேற்பச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்.

லண்டனில் ஒரு மளிகைக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கறிவேப்பிலை இருக்குமா, இருக்காதா, தெரியாது. 'டூ யு ஹேவ் எனி கரி லீவ்ஸ்?' என்று கேட்கிறீர்கள். இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதால் 'எனி' சரி. அதே கறிவேப்பிலை கடைக்காரருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிறபடி கட்டுக்கட்டாக இருக்கிறது. இப்போது கேட்க வேண்டியது, 'கேன் ஐ ஹேவ் சம் கரி லீவ்ஸ், ப்ளீஸ்?' இதுவும் கேள்விதான். ஆனால் இருக்கிறதா என்று விசாரிக்கவில்லை, கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். கிடைக்கும் என்று தெரிந்தே கேட்பதால் 'சம்'.

உபசரிப்பிலும் இதே கதைதான். வீட்டுக்கு வந்தவரிடம் 'வுட் யு லைக் சம் டீ?' என்றால், டீ தயாராக இருக்கிறது, சாப்பிடுங்கள் என்ற மனசு அதில் தெரியும். 'வுட் யு லைக் எனி டீ?' என்று கேட்டால் இலக்கணப் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் சில சமயம் அப்படிக் கேட்பதுண்டு. ஆனாலும் வேண்டும், வேண்டாம் இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல் ஒலிக்கும். விருந்தாளி கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடும். எதையாவது கொடுக்க முன்வரும்போதும், கேட்டு வாங்கும்போதும் 'சம்' என்று பழகிக்கொள்வது நல்லது.

டீ இல்லையென்றால், 'ஐ டோன்ட் ஹேவ் எனி டீ'. இங்கே 'ஐ டோன்ட் ஹேவ் சம் டீ' என்பது தவறு. ஆனால் இல்லை என்று சொல்லும் வாக்கியத்தில் 'சம்' வரவே கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பொருள்தான் மாறும். தேர்வு எழுதிவிட்டு வந்து 'ஐ டிட்ன்ட் அண்டர்ஸ்டாண்ட் சம் ஆஃப் த கொஸ்டின்ஸ்' என்றால் சில கேள்விகள் புரியவில்லை, மற்றவை புரிந்தன. 'எனி ஆஃப் த கொஸ்டின்ஸ்' என்றால் ஒரு கேள்விகூடப் புரியவில்லை. ஒரே ஒரு சொல் மாறினாலும், கேட்கிற ஆசிரியருக்கு இரண்டும் வேறு வேறு செய்தி.

'மச்', 'மெனி' விஷயத்தில் தமிழே நமக்குப் பாதி வழி காட்டுகிறது. 'எத்தனை ரூபாய்' என்றால் 'ஹவ் மெனி ருப்பீஸ்', 'எவ்வளவு பணம்' என்றால் 'ஹவ் மச் மணி'. எண்ணக்கூடியதற்கு 'மெனி', எண்ண முடியாததற்கு 'மச்'. தவறு வருவது இரண்டு இடங்களில். பேச்சில் 'எவ்வளவு பேர் வந்தாங்க?' என்றும் சொல்வதால் அதே பழக்கத்தில் 'ஹவ் மச் பீப்பிள்' என்று வந்துவிடுகிறது. ஆட்களை எண்ணலாம், அதனால் 'ஹவ் மெனி பீப்பிள்'. இன்னொன்று, நாம் எண்ணுகிற சிலவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் நான்கும் அப்படித்தான். ரயில் நிலையத்தில் 'ஹவ் மெனி லக்கேஜஸ்?' என்று கேட்பது தவறு. 'ஹவ் மச் லக்கேஜ்?' என்று கேட்கலாம், அல்லது எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் 'ஹவ் மெனி பேக்ஸ்?'

கேள்வியிலும் இல்லை என்று சொல்லும்போதும் 'மச்' இயல்பாக வரும். இருக்கிறது என்று சொல்லும்போதுதான் அது உறுத்தும். 'ஐ ஹேவ் மச் ஒர்க் டுடே' என்று சாதாரணப் பேச்சில் யாரும் சொல்வதில்லை, 'ஐ ஹேவ் எ லாட் ஆஃப் ஒர்க்' என்பார்கள். முன்னால் 'டூ' அல்லது 'ஸோ' சேர்ந்துவிட்டால் உறுத்தல் போய்விடும்: 'ஐ ஹேவ் டூ மச் ஒர்க்'. 'மெனி'க்கு இந்தத் தொல்லை குறைவு. 'மெனி பீப்பிள் திங்க் ஸோ' என்பது சற்று எழுத்து நடையாகத் தெரிந்தாலும் சரியானதே.

அப்புறம், காபி. பானமாக நினைத்தால் 'ஹவ் மச் காஃபி?' ஹோட்டல் மேசையில் சர்வர் ஆள்கணக்கைப் பார்த்துக் கேட்டால் 'ஹவ் மெனி காஃபீஸ்?' அங்கே அவர் எண்ணுவது கோப்பைகளை, அதனால் அதுவும் சரி.