அரபு மெனு உள்ள போனில் ஹாட்ஸ்பாட் போடுவது எப்படி? (ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல்)

என் அறைத்தோழரின் ஆண்ட்ராய்டு போன் முழுக்க அரபு. அன்றைக்கு என் டேட்டா தீர்ந்துவிட்டது; லேப்டாப்பிலிருந்து அவசரமாக ஒரு ஃபைல் அனுப்ப வேண்டும். "நீயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கோ" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். ஹாட்ஸ்பாட் பட்டன் கண்ணுக்குத் தெரிந்தது. அழுத்தினால்தான் அசையவில்லை. அவர் குளித்து முடித்து வெளியே வரும்வரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் ஹாட்ஸ்பாட்டில் இல்லை, டேட்டா சேவரில் இருந்தது.

"மொழியை மாற்றிவிட்டால் போயிற்று" என்பீர்கள். உங்கள் போன் என்றால் மாற்றுங்கள். அடுத்தவர் போனில் மாற்றி, திரும்பப் பழைய மொழிக்குக் கொண்டுவருவது தனிக் கதை. இன்னொரு போனின் கேமராவில் காட்டி மொழிபெயர்க்கவும் செய்யலாம். ஆனால் அந்த மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்காவிட்டால், மொழிபெயர்க்கவே நெட் வேண்டும். நெட் இல்லாமல்தானே இங்கே வந்திருக்கிறோம்!

1. செட்டிங்ஸுக்குள் நுழையாதீர்கள்

திரையின் மேலிருந்து இரண்டு விரல்களால் கீழே இழுங்கள். வைஃபை, புளூடூத், டார்ச் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். ஒரு புள்ளியைச் சுற்றி வட்ட வளைவுகள் இருக்கும் படம்தான் ஹாட்ஸ்பாட். அதை ஒரு முறை தட்டினால் ஆன் ஆகும். அழுத்திப் பிடித்தால் அதற்கான செட்டிங்ஸ் பக்கமே நேராகத் திறக்கும். படிக்கத் தெரியாத மெனுவில் இதைவிட நல்ல குறுக்குவழி கிடையாது. கட்டம் இல்லையென்றால் பென்சில் படத்தைத் தட்டி, கீழே இருப்பதை மேலே இழுத்துப் போடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி படம் கொஞ்சம் மாறும், ஆனாலும் அடையாளம் தெரியும்.

எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: نقطة الاتصال என்றால் ஹாட்ஸ்பாட். توفير البيانات என்றால் டேட்டா சேவர். இந்த இரண்டின் உருவம் மனதில் இருந்தால் போதும்.

2. ஹாட்ஸ்பாட் கட்டம் மங்கலாக இருக்கிறதா?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து டேட்டா சேவர் இருக்கிறது. பின்னணியில் ஓடும் ஆப்கள் மொபைல் டேட்டாவைத் தின்னாமல் அது தடுக்கும். அது ஆனில் இருக்கும்வரை, சாதாரண ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட், கேபிள் வழியாக நெட் பகிரும் டெதரிங் இரண்டுமே பூட்டப்பட்டிருக்கும். காரணம் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. நமக்குத்தான் அது கோலம் மாதிரித் தெரிகிறது.

எனவே டேட்டா சேவர் கட்டத்தைத் தேடுங்கள்: வளையத்துக்குள் ஒரு கூட்டல் குறி. நானும் இதைக் கண்டுபிடித்து, அழுத்திப் பிடித்து, அதன் பக்கத்துக்குப் போய்விட்டேன். பெரிய சுவிட்ச் இருந்தது. அதன் குமிழ் இடது பக்கம் இருந்தது. இடது என்றால் ஆஃப்தானே? சரி, இது ஏற்கெனவே ஆஃபில் இருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ என்று வெளியே வந்துவிட்டேன்.

அரபு வலமிருந்து இடமாக எழுதப்படுவது. மெனு அந்த மொழிக்கு மாறும்போது எழுத்து மட்டும் மாறுவதில்லை, திரையே கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடுகிறது. பேட்டரி இடது மூலைக்குப் போய்விடும், கடிகாரம் வலதுக்கு வந்துவிடும். சுவிட்சும் அப்படியே: குமிழ் இடதில் இருந்தால் ஆன், வலதில் இருந்தால் ஆஃப். நான் ஆஃப் என்று நினைத்துக் கடந்து வந்தது ஆனில் இருந்த டேட்டா சேவர். ஹீப்ரு, உருது மெனுக்களிலும் இதே கதைதான். சீனம், கொரியன் போன்றவற்றில் இந்தத் தலைகீழ் கிடையாது.

அதனால் குமிழின் இடத்தை நம்பாதீர்கள். இரண்டு அடையாளங்களை நம்பலாம். ஒன்று, நிறம்: ஆனில் இருக்கும் சுவிட்ச் நிறம் ஏறியிருக்கும், ஆஃபில் இருப்பது வெளிறியிருக்கும். இரண்டாவது, இதைவிட உறுதியானது: டேட்டா சேவர் ஆனில் இருந்தால் திரையின் உச்சியில், பேட்டரி இருக்கும் பக்கத்தில், அதே வளையமும் கூட்டல் குறியும் சிறிதாகத் தெரியும். அணைத்ததும் அது மறைந்துவிடும். மறைந்த கையோடு ஹாட்ஸ்பாட் கட்டத்தைப் பாருங்கள், மங்கல் போயிருக்கும்.

கட்டத்தைத் தட்டும்போது இரண்டு பட்டன்களோடு ஒரு பெட்டி வந்தால் நில்லுங்கள். "டேட்டா சேவரை ஆன் செய்யவா?" என்று அது கேட்கிறது. அணைக்கும்போது அப்படிக் கேட்காது. அதாவது ஏற்கெனவே ஆஃபில் இருந்ததை நீங்கள் ஆன் செய்யப் போகிறீர்கள். பெட்டிக்கு வெளியே தட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

3. பாஸ்வேர்டு

ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். WPA2 அல்லது WPA3 என்று தெரியும் வரி பாதுகாப்பு முறை, அதைத் தொட வேண்டாம். புள்ளி புள்ளியாக இருக்கும் வரிதான் பாஸ்வேர்டு; தட்டினால் திறக்கும். மாற்றுவதானால் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும்.

இங்கே கீபோர்டும் அரபில் வரலாம். அதில் ١٢٣٤ என்று அடித்தால், நமக்கு அது 1234 என்றாலும் போனுக்கு வேறு எழுத்து. WPA2 பாஸ்வேர்டுக்கு ஆங்கில எழுத்தும் 0 முதல் 9 வரையிலான எண்களும் @, # போன்ற குறிகளும்தான் சரிப்படும். ஸ்பேஸ் பார் பக்கத்தில் உருண்டைப் படம் போட்ட பட்டனை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். இணையப் போவது இன்னொரு போன் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம். பெயருக்குப் பக்கத்திலுள்ள கியூஆர் படத்தைத் தட்டி ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

4. லேப்டாப் என்றால் நான் கேபிள் கட்சி

பாஸ்வேர்டும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம், போன் சார்ஜும் ஏறும். டெதரிங் பக்கத்தில் மற்ற எழுத்தெல்லாம் மாறினாலும் USB என்ற மூன்று எழுத்து அப்படியே நிற்கும், அதனால் தேடவும் வேண்டாம். கேபிளைச் செருகும்வரை அந்த வரி மங்கலாகத்தான் இருக்கும். செருகிய பிறகும் மங்கலாகவே இருந்தால், டேட்டா சேவர் குறி உச்சியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் இது வேலை செய்யாது.

பின்சேர்க்கை: "எல்லாம் சரியாக வந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் நண்பரின் டேட்டா காலி" என்று ஒருவர் எழுதியிருந்தார். லேப்டாப் அதை வைஃபை என்று நினைத்து அப்டேட்டுகளை இறக்கியிருக்கும். விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளுக்குள் போய் Metered connection என்பதை ஆன் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொருவர், ஹாட்ஸ்பாட் ஓடும்போதே மரியாதைக்கு டேட்டா சேவரைத் திரும்பப் போட்டாராம், இணைப்பு அறுந்துவிட்டதாம். அறும்தான். அது ஆன் ஆன நொடியில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். லேப்டாப் வேலை முழுக்க முடிந்த பிறகு போட்டு, வளையமும் கூட்டல் குறியும் மேலே வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுங்கள்.