காரில் வெந்த இயர்பட்ஸ்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், பாளையங்கோட்டையில் நான் நடத்தும் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு ஒரே புகாருடன் பலர் வருவார்கள். சென்ற ஆண்டு மே மாதத்தில் அப்படி வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். "அண்ணாச்சி, போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு, இப்ப லைட்டே எரிய மாட்டேங்கு" என்று சொல்லி அவர் என் கையில் கொடுத்த இயர்பட்ஸ் கேஸ் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. வண்ணார்பேட்டையில் தெருவோரம் நிறுத்தியிருந்த காரின் டேஷ்போர்டில் அது 4 நாள் கிடந்திருக்கிறது. அன்று மதியம் அதை எடுத்தவுடன் கார் சார்ஜரிலேயே செருகியிருக்கிறார். சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கிவிட்டு அணைந்துவிட்டது. பேட்டரி செத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடிவுதான் முதல் தவறு. இயர்பட்ஸிலும் அதன் கேஸிலும் இருப்பவை சிறிய லித்தியம் அயான் பேட்டரிகள். அவற்றோடு சேர்ந்த மின்சுற்றில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று வெப்பத்தைக் கவனிப்பது: பேட்டரி ஏறத்தாழ 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏறுவதைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். மற்றொன்று மின்னழுத்தத்தைக் கவனிப்பது: அது 3 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கிவிட்டால், மேலும் வடியாமல் இருக்கப் பேட்டரியையே துண்டித்துவிடும். இவற்றில் எது குறுக்கிட்டுத் தடுத்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இயர்பட்ஸ் செத்ததுபோலத்தான் தெரியும். உள்ளபடி அது தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது.

டேஷ்போர்டின் வெப்பத்தை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். அமெரிக்காவின் அரிசோனாவில் கோடைக்காலத்தில் நடந்த, 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி வரை சூடாகியிருந்தது. உள்ளே இருந்த காற்றோ 47 டிகிரிதான். நம் ஊர் வெயில் அந்தப் பாலைவனத்துக்குச் சற்றுக் குறைவு என்றாலும், கண்ணாடிக்கு அடியில் கிடக்கும் கறுப்பு நிறக் கேஸ் பேட்டரிக்கு உகந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுதிரவம் சிதையத் தொடங்குகிறது, வாயு உருவாகலாம், கொள்ளளவில் ஒரு பகுதி திரும்பாமலே போய்விடுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு இந்தச் சேதம் இன்னும் கூடுதல்.

ஆகவே சூடாக இருக்கும்போது சார்ஜரில் செருகுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வெப்பக் காவல் ஒழுங்காக வேலை செய்தால் வெறுமனே சார்ஜ் ஏறாது. மலிவான கேஸ்களில் அந்தக் காவலே இல்லாமலும் இருக்கலாம், அப்போது சூட்டோடு சூடாகச் சார்ஜ் ஏறிப் பேட்டரி உப்பிவிடும். அதற்கு நேர்மாறான தவறு, பதறிப்போய் ஃபிரிட்ஜில் வைப்பது. சூடான கேஸைக் குளிரில் வைத்து மறுபடி வெளியே எடுத்தால், நம் காற்றின் ஈரம் சுற்றுப்பலகையின் மேல் வியர்த்துப் படியும். வெயில் கெடுக்காததை அந்த ஈரம் கெடுத்துவிடும். ஆசிரியர் கொண்டுவந்த கேஸின் மூடியைத் திறந்து, இரண்டு பட்ஸையும் வெளியே எடுத்து, கடையின் உள்பக்கத்து மொசைக் தரையில் ஒரு துணிமேல் 2 மணி நேரம் வைத்தேன். நான் செய்த முதல் சிகிச்சை அவ்வளவுதான்.

ஆறிய பிறகு, சார்ஜ் போடுவதற்கு முன்னால் உப்பல் பார்க்க வேண்டும். கேஸைச் சமமான கண்ணாடிமேல் வைத்துத் தட்டினால் ஆடுகிறதா, மூடி முன்போல் படிந்து மூடுகிறதா, ஒட்டுக்கோட்டில் இடைவெளி விட்டிருக்கிறதா, தின்னர் போன்ற இனிப்பு கலந்த வாசனை வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அதற்கு மின்சாரம் காட்டவே கூடாது. குத்தவோ அமுக்கவோ கூடாது. குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி பலவற்றில் எஃகுக் கூட்டுக்குள் இருப்பதால் அதன் உப்பல் வெளியே தெரியாது. சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சுடுவதுதான் அதற்கு அடையாளம்.

அவருடைய கேஸில் உப்பல் இல்லை. அடுத்து மக்கள் பொறுமை இழக்கும் இடம் வருகிறது. ஆழமாக வடிந்துபோன பேட்டரிக்குச் சார்ஜ் சுற்று முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கொடுக்கும். 3 வோல்ட் அளவுக்கு ஏறிய பிறகுதான் வழக்கமான வேகத்துக்கு மாறும். அந்த இடைவெளியில் விளக்கு எரியாமலே இருக்கலாம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பிடுங்கி, வேறு சார்ஜரில் செருகி, பட்டனை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தால் அது ஏறவே ஏறாது. பவர் பேங்கும் இதற்கு உதவாது, ஏனெனில் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, எதுவும் செருகப்படவில்லை என்று பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: விலை குறைந்த கேஸ்கள் சிலவற்றில், இரு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளுக்குத் தேவையான மின்தடைகளை வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கேபிளில் எத்தனை மணி நேரம் போட்டாலும் மின்சாரம் வராது. ஒரு முனை பழைய பட்டையான யூஎஸ்பியாக இருக்கும் கேபிளை, 5 வோல்ட் கொடுக்கும் சாதாரணச் சார்ஜரில் செருக வேண்டும். நான் அப்படித்தான் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தொடாமல் விட்டேன், பக்கத்தில் எரியக்கூடிய எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு. 25 நிமிடத்துக்குப் பிறகு விளக்கு எரிந்தது.

கேஸ் ஏறியதும் இடது பட் சார்ஜ் ஆனது, வலது பட் ஆகவில்லை. இங்கே ஆசிரியர் கேட்டது: "ரீசெட் போட்டா வந்துருமா?" வெப்பத்தில் இளகிய காதுமெழுகு வழிந்து, சார்ஜ் ஏற்றும் சிறு பித்தளை முனைகளின்மேல் படிந்து இறுகியிருந்தது. மின்சாரமே போய்ச் சேராத பட்டுக்கு ரீசெட் ஒன்றும் செய்யாது. பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் மிகக் கொஞ்சம் தொட்டு, பட்டிலும் கேஸின் ஊசிமுனைகளிலும் துடைத்து உலரவிட்டதும் வலதும் ஏறத் தொடங்கியது. அதன் பிறகே இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு ரீசெட் போட்டேன்.

முன்பு நாலரை மணி நேரம் ஓடியவை இப்போது மூன்றே கால் மணி நேரம்தான் ஓடுகின்றன. வெயில் தின்ற கொள்ளளவை எந்தக் கடையிலும் திருப்பித் தர முடியாது. ஒரு மணி நேரம் போட்டும் அசையாத பேட்டரியை, 9 வோல்ட் பேட்டரி கொண்டு நேரடியாகத் தட்டி எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல நாள் மிகத் தாழ்வான மின்னழுத்தத்தில் கிடந்த பேட்டரிக்குள் செம்பு கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கும். அதை வலிய எழுப்பினால் பின்னால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். மின்னழுத்தக் காவல் துண்டித்தது துண்டித்தபடியே இருக்கட்டும்.

காரில் விட்டுப் போகத்தான் வேண்டும் என்றால், பாதி சார்ஜ் இருக்கும் நிலையில் கேஸை மூடி, டேஷ்போர்டில் வைக்காமல் இருக்கைக்கு அடியில், தரைவிரிப்பின்மேல் வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போனார்.