மீட்டிங்குக்கு வர முடியவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவறை எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் போன வாரம் செய்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கடைசி நிமிடத்தில் மறுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எதற்குத் தலையாட்டலாம் என்று சொல்லாமல் ஆளை அனுப்புவது

ஒரு புதன்கிழமை மாலை 4 மணிக்கு வாடிக்கையாளர் ஒரு மணி நேர மீட்டிங் வைத்திருந்தார். எனக்கு அப்போது வேறு வேலை. ஒரு ஜூனியர் பையனின் பெயரைக் குறிப்பிட்டு, "எனக்குப் பதில் இவர் வருவார்" என்று எழுதி மறுத்துவிட்டேன். அவனிடம் கேட்கவே இல்லை. 3.50க்கு அழைப்பை அவனுக்கு அனுப்பியபோது அவன் மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான், ஹெட்செட்டை மாட்டி அங்கிருந்தே சேர்ந்துகொண்டான். 14ஆம் தேதிக்குள் முடித்துவிடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். டெஸ்டிங்குக்கு அதற்குமேல் நான்கு நாள் வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம் என்பதுகூட அவனுக்குத் தெரியாததால் "சரி சார்" என்றுவிட்டான். அரை மணி நேரத்தில் அந்தத் தேதி மினிட்ஸில் ஏறி எல்லோருக்கும் போய்விட்டது. மாற்றக் கேட்டால், "உங்கள் ஆள்தானே ஒப்புக்கொண்டார்?" இரண்டு சனி, ஞாயிறு ஆபீஸிலேயே போனது, திட்டு வாங்கியது அவன். நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

ஆளை அனுப்புவதற்கு முன், அங்கே என்ன முடிவாகப் போகிறது என்று அழைத்தவரிடமே கேளுங்கள். தகவல் சொல்வது மட்டும்தான் என்றால் விஷயம் தெரிந்த யார் போனாலும் போதும். தேதி, பணம், கூடுதல் வேலை என்றால், போகிறவரிடம் பேசி, எதுவரை ஒப்புக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அதையே அழைத்தவருக்கும் எழுதுங்கள்:

"புதன் 4 மணிக்கு என்னால் வர இயலாது. எனக்குப் பதில் வருபவரிடம் பேசிவிட்டேன், டெஸ்டிங் நிலவரத்தை அவர் சொல்வார். ரிலீஸ் தேதியை மட்டும் நான் வியாழன் காலை 11 மணிக்குள் உறுதி செய்கிறேன்."

அந்தக் கடைசி வரி இருந்திருந்தால் பையனிடம் தேதியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

மீட்டிங்குக்குப் பதில் "சின்ன கால் பேசலாமா?" என்று மட்டும் எழுதுவது

எப்போது, எவ்வளவு நேரம், எதைப் பற்றி? மூன்றும் இல்லையென்றால் நழுவுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "வியாழன் 11 அல்லது 3 மணி, 15 நிமிடம், ரிலீஸ் தேதி மட்டும்" என்று எழுதினால் அவர் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஐந்து பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு இது உதவாது, உங்களிடம் ஒரே கேள்வி இருக்கும்போது மட்டும் கேளுங்கள்.

அவுட்லுக்கில் Do Not Send a Response

இதைத் தேர்ந்தெடுத்து மறுத்தால் அழைத்தவருக்கு மெயில் போகாது, அவர் கவனிக்காமல் உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

வாராந்திர மீட்டிங்

ஒரு வாரம்தான் வர முடியாது என்றால் அந்த ஒரு நாளை மட்டும் மறுங்கள், தொடர் முழுவதையும் அல்ல.