கமிஷனை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்

பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விற்பதா, சொந்த இணையதளத்தில் விற்பதா என்று பார்க்க, 500 ரூபாய் கைத்தறித் துண்டு செட் ஒன்றை விற்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய தளத்தில் கமிஷன் 75, டெலிவரி 65, ஆர்டருக்கான நிலைக் கட்டணம் 10, ஆக 150 என்றால் அதன்மேல் 18% ஜிஎஸ்டி 27 சேர்ந்து, கைக்கு வருவது 323.

சொந்த இணையதளத்தில் பணம் வாங்கித் தரும் கேட்வேக்கு 2 சதவீதமும் அதற்கான ஜிஎஸ்டியும் சேர்த்து சுமார் 12, கூரியர் 70, அப்புறம் அந்த ஒரு ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 100 போனால் மிச்சம் 318தான், இதில் இணையதளத்தின் மாத வாடகையை இன்னும் கழிக்கவில்லை!

ஆனால் அதே வாடிக்கையாளர் விளம்பரம் இல்லாமல் உங்கள் இணையதளத்துக்குத் திரும்ப வந்தால் மிச்சம் 418. அதனால் உங்கள் பழைய பில்களில் ஒரே போன் நம்பர் எத்தனை முறை வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வரும் பார்சலுக்கு இருவழிக் கூரியரும் உங்கள் தலையில்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.