நாற்றுத் தட்டின் படத்தில் தெரிந்த வெளிச்சக் குறை

பால்கனியில் இருந்த தக்காளி நாற்றுத் தட்டை மேலிருந்து படம் எடுத்து எண்ணினேன். 98 குழிகளில் 83 முளைத்திருந்தன. ஏறக்குறைய 85 சதவீதம், நல்ல விதைதான். ஆனால் அந்தப் படத்தில் தண்டின் நீளம் தெரியாது. அப்புறம் தட்டின் மட்டத்துக்கு போனை இறக்கி, பக்கவாட்டில் எடுத்தேன். வித்திலைக்குக் கீழே தண்டு மெலிந்து, வெளிறி நீண்டிருந்தது; எல்லா நாற்றுகளும் ஜன்னல் கம்பிப் பக்கமே சாய்ந்திருந்தன. தண்ணீர் குறைந்தால் இலை துவளும். இது வெளிச்சக் குறை.

சென்னை வெயில் நேரடியாகப் பட்டால் கருகிவிடும் என்பதால், மாடியில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் வைத்தேன். நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. புதிய இலைகள் நெருக்கமாக வருவதுதான் தேறியதற்கு அடையாளம். தக்காளித் தண்டு வேர்விடும் என்பதால், வித்திலை வரை புதைத்து நட்டேன்.