வளர்ச்சி வேகத்தை யாரிடம் கேட்பது? குறுக்குவெட்டு ஆய்வு, நீள்கால ஆய்வு: ஆர் மென்பொருளில் செய்து பார்க்கலாம்

எம்.எட். ஆய்வுக்காக மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளின் உயரத்தை ஒரே வாரத்தில் அளந்தேன். வயதுக்கு ஒரு சராசரி எடுத்து, அவற்றை இணைத்து ஒரு கோடு போட்டு, "பெண் குழந்தைகள் இந்த வயதில் இவ்வளவு வேகமாக வளர்கிறார்கள்" என்று எழுதியும் விட்டேன். வாய்மொழித் தேர்வில் வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில் எந்தப் பெண்ணம்மா வளர்ந்தாள்?"

பதில் இல்லை. நான் அளந்தது வெவ்வேறு வயதுள்ள வெவ்வேறு சிறுமிகளை. யாரும் என் கண்முன் வளரவில்லை. ஒரே சமயத்தில் பல வயதினரை ஒருமுறை அளப்பது குறுக்குவெட்டு ஆய்வு. அதே குழந்தைகளைத் திரும்பத் திரும்ப அளப்பது நீள்கால ஆய்வு (கல்லூரியில் லாங்கிட்யூடினல் என்றுதான் சொல்வார்கள்). வரையறை எல்லாருக்கும் தெரியும். தேர்வில் மாட்டிக்கொண்ட பிறகு உண்மையான தரவை வைத்து நான் செய்து பார்த்ததை இங்கே தருகிறேன்.

படி 1: தரவை எடுங்கள்

1928-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வின் உயர அளவுகள் ஆர் மென்பொருளின் `fda` தொகுப்பிலேயே இருக்கின்றன. 54 சிறுமிகள், 39 சிறுவர்கள். ஒரு வயது முதல் 18 வயது வரை ஒவ்வொருவருக்கும் 31 அளவுகள். எக்செல் வேண்டாம். நெடுவரிசையை ஒருமுறை தவறாக வரிசைப்படுத்தினால் ஒரு பெண்ணின் உயரம் இன்னொருத்தி பெயரில் போய் உட்கார்ந்துவிடும், தெரியவும் தெரியாது. எனக்கு நடந்தது.

```r
library(fda)
i <- growth$age >= 8
h <- growth$hgtf[i, ]
dim(h)
```

`21 54` என்று வர வேண்டும். எட்டு வயதிலிருந்து அரையாண்டுக்கு ஒன்றாக 21 அளவுகள், 54 சிறுமிகள். ஒரு நெடுவரிசை என்பது ஒரே சிறுமி.

படி 2: குறுக்குவெட்டு ஆய்வு செய்ததாகப் பாவனை செய்யுங்கள்

ஒவ்வொரு வயதிலும் யாரோ பத்துப் பேரை மட்டும் எடுப்போம். அடுத்த வயதில் மறுபடி சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேர்.

```r
set.seed(7)
x <- sapply(1:nrow(h),
  function(r) mean(sample(h[r, ], 10)))
diff(x)
```

கடைசி வரியில் எதிர்ம எண்கள் தென்படும், குறிப்பாக 15 வயதுக்கு மேல். சிறுமிகள் சுருங்கிவிட்டார்களா? இல்லை. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு இடையே பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம், ஆனால் அரையாண்டில் ஒருத்தி வளர்வது மூன்று சென்டிமீட்டர் அளவுதான். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் வளர்ச்சியையே மூழ்கடித்துவிடுகிறது. `10` இருக்கும் இடத்தில் `40` போட்டுப் பாருங்கள், வெகுவாக அடங்கும். குறுக்குவெட்டு ஆய்வுக்கு அதிகம் பேர் தேவைப்படுவது இதனால்தான். நீள்கால ஆய்வில் ஒருத்தியை அவளோடேயே ஒப்பிடுவதால் இந்த வித்தியாசம் கழிந்துபோகிறது.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம்

சரி, ஆயிரம் பேரை அளந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். தீராது. முதலில் மூன்று கற்பனைச் சிறுமிகளை வைத்துக் காகிதத்தில் பார்ப்போம். மூவரும் ஆண்டுக்கு 5 செ.மீ. வளர்கிறார்கள். ஒரே ஓர் ஆண்டில் மட்டும் 9 செ.மீ. பாய்ச்சல். முதலாமவளுக்கு அது பத்தாவது வயதில், அடுத்தவளுக்குப் பதினொன்றில், மூன்றாமவளுக்குப் பன்னிரண்டில் வருகிறது. இந்த மூன்று ஆண்டுகளிலும் சராசரி என்ன? 9, 5, 5 கூட்டினால் 19, மூன்றால் வகுத்தால் 6.3. மூன்று ஆண்டும் அதே 6.3. அப்படி வளர்ந்தவள் ஒருத்திகூட இல்லை! குட்டையாகவும் நீளமாகவும் ஒரு மேடுதான் தெரிகிறது, பாய்ச்சல் காணாமல் போய்விட்டது. எத்தனை பேரைச் சேர்த்தாலும் பருவமெய்தும் வயது ஆளுக்கு ஆள் மாறும்வரை இது இப்படித்தான் இருக்கும்.

பெர்க்லி சிறுமிகளிடமும் அதைப் பார்க்கலாம்:

```r
v <- diff(h) * 2
mean(apply(v, 2, max))
max(rowMeans(v))
```

முதல் எண், ஒவ்வொருத்தியின் உச்ச வேகத்தைத் தனித்தனியாகக் கண்டு எடுத்த சராசரி. இரண்டாவது, சராசரிக் கோட்டின் உச்ச வேகம். மிகக் கச்சிதமான குறுக்குவெட்டு ஆய்வுக்கும் எட்டக்கூடியது இந்த இரண்டாவதுதான். அது எப்போதும் சிறியதாகவே வரும்.

அதற்காகக் குறுக்குவெட்டு ஆய்வைத் தூக்கிப் போட வேண்டாம். "பத்து வயதில் சராசரி உயரம் என்ன, எவ்வளவு பரவியிருக்கிறது" என்பதுதான் கேள்வி என்றால் அதுவே போதும், சீக்கிரமும் முடியும். அங்கன்வாடியில் பார்க்கும் வளர்ச்சி அட்டைக்கு அடிப்படை உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்கள். அவற்றுக்கான ஆய்வு 1997 முதல் 2003 வரை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்தது. பிறப்பிலிருந்து 24 மாதம் வரை அதே குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். 18 முதல் 71 மாதம் வரை குறுக்குவெட்டு. வேகத்துக்கான அட்டவணை முதல் 24 மாதங்களுக்கு மட்டும் இருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

படி 4: நீள்கால ஆய்வின் கோளாறுகள்

பெர்க்லி சிறுமிகள் எல்லாரும் ஒரே காலத்தில் பிறந்தவர்கள். அவர்கள் வளைவில் வயது எது, 1930-களின் சாப்பாடும் வாழ்க்கையும் எது என்று பிரிக்க முடியாது. குறுக்குவெட்டிலோ எட்டு வயதுக்காரியும் பதினாறு வயதுக்காரியும் வெவ்வேறு ஆண்டில் பிறந்தவர்கள் என்பது அதன் பங்குக்குக் குழப்பும்.

அப்புறம் விலகல். வேலை தேடி ஊர் மாறும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் பட்டியலிலிருந்து முதலில் மறைவார்கள். கடைசியில் சராசரி ஏறியிருந்தால், முதல் சுற்றின் சராசரியைக் கடைசிவரை இருந்தவர்களுக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அதுவே எல்லாருடைய முதல் சுற்றுச் சராசரியைவிட அதிகமாக இருந்தால் அந்த ஏற்றத்தில் வளர்ச்சி மட்டும் இல்லை, போனவர்கள் போனதும் கலந்திருக்கிறது. உயரம் என்றால் இத்தோடு சரி. சொற்கள் கேட்கும் சோதனை என்றால் இரண்டாம் முறை பிள்ளைக்கு அது பழகியிருக்கும், அதுவும் வளர்ச்சி போலவே தெரியும்.

படி 5: இரண்டு ஆண்டுதான் இருக்கிறது என்றால்

1953-இல் ரிச்சர்ட் பெல் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. 8, 10, 12 வயதுக் குழுக்களை இரண்டு ஆண்டு தொடருங்கள். முதல் குழு 8-லிருந்து 10, அடுத்தது 10-லிருந்து 12, கடைசி 12-லிருந்து 14. பத்து வயதில் இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்தித்தால் கோடுகளைத் தைக்கலாம். சந்திக்காவிட்டால் தைக்காதீர்கள், பிறந்த ஆண்டோ விலகலோ குறுக்கே நிற்கிறது. அன்றைய ஆந்திரத்தில் 2002-இல் தொடங்கிய யங் லைவ்ஸ் ஆய்விலும் வெவ்வேறு வயதில் இரண்டு குழுக்கள் உண்டு. அதனால் 2002-இன் எட்டு வயதினரை 2009-இன் எட்டு வயதினரோடு நேராக ஒப்பிட முடிகிறது.

பிற்சேர்க்கை: படி 3-இல் ஓட்டை இருப்பதாக ஒரு வாசகர் எழுதினார், அவர் சொன்னது சரி. அரையாண்டு அளவில் அரை செ.மீ. பிழை இருந்தால் இரண்டால் பெருக்கும்போது ஒரு செ.மீ. ஆகிறது. `max` அப்படிப்பட்ட பிழைகளையே பொறுக்கி எடுக்கும், அதனால் என் முதல் எண் ஊதியிருந்தது. `v` வரியை மட்டும் இப்படி மாற்றுங்கள்:

```r
v <- diff(h, lag = 2)
```

இது முழு ஆண்டு வளர்ச்சி. இடைவெளி குறையும், ஆனால் மறையாது. அந்த மிச்சம் பெரும்பாலும் பாய்ச்சல் ஆளுக்கு ஒரு வயதில் வருவதால் உண்டாவது.