கொலு பொம்மைப் படத்தில் பின்னணியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் செய்த ஒன்பது அங்குலக் கண்ணன் பொம்மை ஒன்றின் படம் சென்ற ஆண்டு என்னிடம் திருத்தத்திற்கு வந்தது. சிவப்பு சிமெண்டுத் தரையுள்ள திண்ணையில் பொம்மையை நிறுத்தி எடுத்திருந்தார்கள். பின்னால் வண்ண டப்பாக்களும், பாதி பூசிய வேறு பொம்மைகளும், ஒரு பிளாஸ்டிக் குடமும் தெரிந்தன. இவற்றை நீக்கி, வெளிர்நிறத் தளத்தில் மென்மையான நிழலுடன் கண்ணனை நிறுத்த வேண்டும் என்பதே வேலை. இதற்கு முன் ஒருவர் செய்து கொடுத்த படத்தில் பொம்மை தரையில் நிற்காமல் மிதந்தது. அந்தப் படத்தில் நேர்ந்த பிழைகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவை பெரும்பாலோர் செய்யும் பிழைகள்தாம்.

முதல் தவறு, பழைய பின்னணியைப் பார்த்து முடிப்பதற்குள் அதை அழித்துவிடுவது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, நிழல் எவ்வளவு நீண்டது, கேமரா எந்த உயரத்திலிருந்து பார்த்தது என்ற மூன்று செய்திகளும் நாம் வேண்டாமென்று எறியப்போகும் அந்தத் தரையில்தான் இருக்கின்றன. ஆகவே மூலப் படத்தை ஒரு லேயராக அடியில் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலில் மட்டும், வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைத்து வைக்கும் லேயர் மாஸ்க் போட்டு வேலை செய்ய வேண்டும். அழிப்பானால் தேய்த்துவிட்டால் திரும்பிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. கண்ணன் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத் திறப்பிலிருந்து வந்திருந்தது. புல்லாங்குழலின் நிழல் கழுத்தில் வலப்புறம் சாய்ந்து விழுந்திருந்தது; தரையில் விழுந்த நிழலும் வலப்புறமாகச் சற்றே பின்வாங்கி ஓடியது. முன்பு திருத்தியவர் நிழலை இடப்புறம் வைத்திருந்தார். காரணத்தைச் சொல்லத் தெரியாதவரும் அந்தப் படத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று உணர்ந்துவிடுவார்.

படம் வெட்டவெளியில் எடுக்கப்பட்டிருந்தால் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகஸ்டு கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் மதுரைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அப்போது நிழல் பீடத்தின் காலடியிலேயே சுருங்கிவிடும். புருவத்தின் கீழும் தாடையின் கீழும் மட்டும் கருமை தங்கும். அத்தகைய முகத்தோடு நீண்ட பக்க நிழலைச் சேர்த்தால் இரண்டு சூரியன்கள் இருந்ததாகிவிடும்.

ஓரத்தை வெட்டுவதில் நேரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொம்மையின் விளிம்பிலுள்ள பிக்சல்களில் பொம்மையின் நிறமும் தரையின் நிறமும் கலந்தே இருக்கும். சரியாக விளிம்பிலேயே வெட்டினால் வெளிர்த் தளத்தின்மீது சிவப்பு இழை ஒன்று சுற்றிவரத் தெரியும். தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, ஒரு பிக்சல் அளவுக்கு ஓரத்தை மென்மையாக்கினால் அது போய்விடும். கிம்ப் மென்பொருளில் Select பட்டியலின் Shrink, Feather ஆகியவை இதற்கானவை. கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள வெளியையும், குழலுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியையும் மறந்துவிடக் கூடாது. முந்தைய படத்தில் கண்ணனின் முழங்கை வழியே பிளாஸ்டிக் குடத்தின் நீலம் எட்டிப் பார்த்தது.

சிவப்புத் தரை பொம்மையின் மீதும் தன் நிறத்தைப் பாய்ச்சியிருக்கும். மஞ்சள் பீதாம்பரத்தின் கீழ்மடிப்புகள் ஆரஞ்சாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். தரை மாறிய பின்னும் அந்த ஆரஞ்சு தங்கிவிட்டால், பொம்மை வேறோர் இடத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது என்பது புலப்பட்டுவிடும். வாங்குபவர் எதிர்பார்க்கும் நிறமும் தவறிப்போகும். அந்தப் பகுதியை மட்டும் அகலமான மென்மையுடன் தேர்ந்து, மேல்மடிப்பின் மஞ்சளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபடி நிறத்தைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். இந்த இடத்தில் தூரிகைத் தடங்களையும் சேர்த்து வழவழப்பாக்கிவிடும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது, அந்தத் தடங்கள் கையால் செய்ததற்கான அடையாளம்.

தளத்தைத் தேர்வதில் பலரும் கோணத்தைக் கவனிப்பதில்லை. கண்ணனின் பீடம் வட்டமானது. படத்தில் அதன் மேற்பரப்பு 600 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் உள்ள நீள்வட்டமாகத் தெரிந்தது. உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால், கேமரா ஏறத்தாழ 20 பாகை மேலிருந்து பார்த்திருக்கிறது என்று பொருள். நேர் மேலிருந்து எடுத்த மரப்பலகைப் படத்தை இதன் அடியில் விரித்தால் பொம்மை சரிந்து விழுவதுபோல் இருக்கும். கோடுகளோ மரவரிகளோ இல்லாத வெற்றுத் தளமாயின் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. ஆனால் அதை முழு வெள்ளையாக விடக் கூடாது. கண்ணனின் வெண்முத்து மாலையின் ஓரமும் வெண்பட்டையிட்ட பீடமும் வெள்ளைக்குள் கரைந்துவிடும். 255 என்ற உச்ச மதிப்புக்குப் பதிலாக 240 அளவில் வைத்தேன்.

எல்லாவற்றிலும் அதிகப் பொறுமை கேட்பது நிழல்தான். Drop Shadow என்ற ஆயத்தக் கருவியைப் பயன்படுத்துவது இங்கே மிகப் பரவலான தவறு. அது பொம்மையின் உருவத்தையே நகலெடுத்துச் சற்றுத் தள்ளி நிமிர்த்தி நிறுத்துகிறது. சுவரில் ஒட்டிய தாளுக்கு அது பொருந்தும். தரையில் நிற்கும் பொருளின் நிழலோ தரையில் படுத்துக் கிடக்க வேண்டும். உருவத்தைக் கவிழ்த்துச் சாய்த்தாலும் குறை முழுதாகத் தீராது. கேமரா கண்ணனை முன்னாலிருந்து பார்க்கிறது, வெளிச்சமோ பக்கவாட்டிலிருந்து பார்க்கிறது. வெளிச்சத்துக்குத் தெரியும் உருவமே நிழலாக விழும். ஆகவே அடியில் வைத்திருந்த மூலப் படத்தை மீண்டும் திறந்து, திண்ணையில் விழுந்திருந்த உண்மை நிழலின் விளிம்பைப் பின்பற்றியே புதிய நிழலை வரைந்தேன்.

நிழலை இரண்டு லேயர்களாகப் பிரித்து, இரண்டையும், அடியிலுள்ள நிறத்தை இருளாக்கிக் காட்டும் Multiply முறையில் வைத்தேன். முதலாவது, பீடம் தரையைத் தொடும் கோட்டில் மட்டும் ஓடும் மெல்லிய, அடர்ந்த நிழல். 2000 பிக்சல் உயரமுள்ள படத்தில் அதற்கு 6 பிக்சல் Gaussian Blur போதுமானதாக இருந்தது. அடர்த்தி 60 விழுக்காடு. இது இல்லாததால்தான் முந்தைய படத்தில் கண்ணன் மிதந்தார். இரண்டாவது, வலப்புறம் நீளும் வெளிர் நிழல். அடர்த்தி 25 விழுக்காடு. இதை ஒரே சீராக மங்கவைப்பதும் தவறு. திண்ணைத் திறப்பு அகலமானது என்பதால், பீடத்துக்கு அருகில் நிழலின் ஓரம் ஓரளவு கூர்மையாகவும், தலையின் நிழல் விழும் தொலைவில் மிக மங்கலாகவும் இருக்கும். அதே நிழலை 12 பிக்சல், 45 பிக்சல் என இருமுறை மங்கவைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறும்படி மாஸ்க் போட்டு இணைத்தேன். நிறத்துக்குத் தனிக் கறுப்பை எடுக்காமல், தளத்தின் நிறத்தையே இருளாக்கிப் பயன்படுத்தினேன். வெதுவெதுப்பான தளத்தில் தூய கறுப்பு நிழல் புகைக்கரி படிந்ததுபோல் தெரியும்.

முடித்த பின் படத்தைக் கைபேசித் திரையில் பெருவிரல் அகலத்திற்குச் சுருக்கிப் பார்ப்பது என் வழக்கம். அந்த அளவில் நிழல் ஒரு தனி உருவமாகக் கண்ணில் பட்டால் அது மிகையாகிவிட்டது; பீடத்தின் அடிக்கோடு தெரியாமல் போனால் போதவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றைச் சரிசெய்ய முடியவில்லை. கண்ணனின் நீலக் கன்னத்தில் பூசியிருந்த வார்னிஷ் பளபளப்பில் பக்கத்திலிருந்த வண்ண டப்பாவின் உருவம் பிரதிபலித்திருந்தது. அதை அழிக்கப்போனால் கன்னத்தின் வளைவும் கூடவே போய்விடும். அந்தப் பொம்மையை மட்டும் அதே திண்ணையில், அடியிலும் பின்னாலும் ஒரே வெள்ளைச் சார்ட் தாளை மடிப்பு விழாமல் வளைத்து வைத்து, டப்பாக்களை அப்புறப்படுத்திவிட்டு மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் நிழல் தானாகவே சரியாக விழுந்திருந்தது. தாளின் ஓரங்களை வெட்டுவதைத் தவிர எனக்கு வேலை இருக்கவில்லை.